ராஜினாமா கொடுத்தவன் எட்டு மணிக்கு வந்தான்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கஜபதி தும்மினால் மூன்று ஷெட் தள்ளி லேத் ஓட்டுகிறவன் பதறிப்போய்க் கையை எடுத்துவிடுவான். வெளியே சரக்கு ஏற்ற நிற்கிற லாரி டிரைவர்களுக்கு, உள்ளே இருந்து வருவது பவர் பிரஸ் இடிக்கிற சத்தமா கஜபதி பேசுகிற சத்தமா என்று பந்தயம் கட்டுவதே பொழுதுபோக்கு. அப்பேர்ப்பட்ட கஜபதியிடம், 1992-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை காலை, வேலையை விட்டுப் போகிறேன் என்று ஒருத்தன் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். கொடுத்தவன் அவருடைய தங்கை மகன். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அவருடைய ஒரே மகளைக் கட்டிய மருமகனும் அவன்தான்.

பெயர் ஜானகிராமன். பன்னிரண்டு வயதில் அம்மா போய்விட, தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு அத்திப்பட்டு வீட்டுக்கு வந்தவன். ஐ.டி.ஐ. முடித்த மறுநாளே மாமன் கம்பெனியில் சேர்ந்தான். கம்பெனியின் பெயர் ஸ்ரீ வேம்புலியம்மன் மெட்டல் பிரஸ்ஸிங்ஸ். லாரிக்கு வேண்டிய கிளாம்பு, பிராக்கெட், வாஷர் எல்லாம் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கிற வேலை. தகட்டை வெட்டுகிற அச்சுக்கு டை என்று பெயர். அந்த டையை பிரஸ்ஸில் மாட்டி மேலும் கீழும் மயிரிழை பிசகாமல் நிறுத்துவதுதான் செட்டிங். அதில் ஜானகிராமனை அடிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் பிரஸ் இடிக்கிற சத்தத்தை வைத்தே, நாலாம் நம்பரில் டை மழுங்கிவிட்டது, ஆறாம் நம்பரில் ஒரு போல்ட்டு தளர்ந்திருக்கிறது, வாட்ச்மேன் பகல் பத்து மணிக்குத் தூங்குகிறான் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வான்.

பதினோரு வருஷம் இப்படிப் போனது. பாடியில் ஒரு பெரிய கம்பெனியின் டூல் ரூமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டான். டெஸ்ட் வைத்தார்கள். தேர்வாகிவிட்டான். ஜூலை ஒன்றாம் தேதி வந்து சேரவேண்டும், வரும்போது பழைய கம்பெனியிலிருந்து முறையாக விடுவித்ததற்கு லெட்டர் ஹெட்டில் ஒரு கடிதமும் அனுபவச் சான்றும் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க முடியாது என்று ஆர்டரில் அச்சடித்தே போட்டிருந்தது.

அங்கேதான் சிக்கல். வேம்புலியம்மன் கம்பெனியில் உறவுக்காரன் எவனும் அதுவரை எழுதிக் கொடுத்து விலகியதில்லை. அங்கே விலகுவதற்கு வேறு முறை இருந்தது. கோபம் வந்தால் மறுநாள் வேலைக்கு வரமாட்டான். ஒரு வாரம் விட்டுப் பிடிப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கஜபதியின் அக்கா பார்வதம் தலைமையில் நாலு பேர் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு வேட்டி சகிதம் அவன் வீட்டுக்குப் போவார்கள். அவன் கோபத்தைக் கொட்டுவான். இவர்கள் கேட்டுக்கொள்வார்கள். திங்கட்கிழமை காலையில் அவன் புது வேட்டியோடு பிரஸ் முன்னால் நிற்பான். கஜபதியின் சகலை கோவிந்தன் மட்டும் இந்த வகையில் ஏழு வேட்டி சேர்த்திருந்தார்.

ஜானகிராமனுக்கு வேட்டி வேண்டாம், கடிதம் வேண்டும். ஆனால் கடிதத்தை வாங்கப் போய் மாமனை இழந்துவிடக் கூடாது. குடியிருப்பது மாமன் வீட்டின் பின்கட்டில். மனைவி பத்மா காலையில் கதவைத் திறந்தால் எதிரே அவளுடைய அம்மா ஜெகதாம்பாள் பல் விளக்கிக்கொண்டிருப்பாள். வேலையும் போய், உறவும் போய், நடு வாசலில் சுவர் எழும்புகிற நிலைமை வந்தால் பத்மா எந்தப் பக்கம் நிற்பாள்? இந்த ஒரு கவலைதான் அவனை மூன்று வாரம் அரித்தது.

கடைசியில் மே மாதம் கடைசி ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து எழுதினான். ஒன்பது பக்கம் வந்தது. பள்ளிக்கூடத்தில் மாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் மூன்று வரியோடு மூச்சு வாங்குகிறவன், அன்றைக்கு வெள்ளம் போல எழுதினான். அன்புள்ள மாமாவுக்கு என்று ஆரம்பித்து, மாமாவின் மகன், மச்சான் உலகநாதன் டிப்ளமா படித்துவிட்டு வந்த மறுநாளே மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தது, செட்டிங் ரூம் சாவியைத் தன்னிடமிருந்து கேட்டு வாங்கியது, எல்லாவற்றுக்கும் மேலாக அதே உலகநாதனின் புதுமனை புகுவிழாவில் முதல் பந்தியில் உட்காரப் போன தன்னை, முலாம் பூசப் போன சரக்கை எடுத்து வா என்று மாமா பட்டரவாக்கத்துக்கு விரட்டியது, திரும்பி வந்தபோது பாயசம் தீர்ந்துபோயிருந்தது என்று ஒன்று விடாமல் எழுதினான். பாயசத்துக்கு மட்டும் ஒன்றேகால் பக்கம்.

பத்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே ஒன்பது பக்கத்தையும் படித்தாள். படித்து முடித்ததும் கீரைக் காம்பை ஒதுக்குகிற மாதிரியே காகிதங்களையும் ஒதுக்கி வைத்தாள்.

"இது எங்கப்பாவுக்கு எழுதுனதா, கம்பெனிக்கு எழுதுனதா?"

"ரெண்டும் ஒருத்தர்தானே."

"கெடையாது. எங்கப்பாவுக்கு உன் மேல பாசம் கீது. கம்பெனிக்கு கீதா? பாயசம் போடாதது எங்கப்பா. உனுக்கு லெட்டர் குடுக்க வேண்டியது கம்பெனி."

அவளே தொடர்ந்தாள். இந்த ஒன்பது பக்கத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று விரல் விட்டுச் சொன்னாள். உலகநாதனைக் கூப்பிட்டு சாவியைத் திருப்பித் தரச் சொல்வார். அம்மாவை விட்டு ஒரு அண்டா பாயசம் காய்ச்சி அனுப்புவார். குறையெல்லாம் தீர்ந்ததா, நாளைக்கு வந்து பிரஸ்ஸைப் பார் என்பார். அப்புறம் எந்த முகத்தோடு போகிறேன் என்று சொல்வாய்?

"பாயசம் குடுத்தா நின்னுடுவியா நீ?" என்றாள்.

ஜானகிராமன் யோசித்துப் பார்த்தான். நிற்கமாட்டான். டெஸ்ட்டுக்குப் போனபோது பாடியில் டூல் ரூமைச் சுற்றிக் காட்டினார்கள். அங்கே டையை மாட்டுவதில்லை, செய்கிறார்கள். கெட்டி இரும்புக் கட்டியிலிருந்து ஒரு டை பிறந்து வருவதை அவன் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தான். பதினோரு வருஷமாக அடுத்தவன் செய்த டையை மாட்டிக் கழற்றியாயிற்று, இனி தானே ஒன்று செய்து பார்க்கவேண்டும். அவ்வளவுதான் அவனுடைய காரணம். அது ஒன்பது பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

மறுபேச்சில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி.க்குப் போனான். பஸ் நிலையத்துக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே ஜேம்ஸ் என்பவர் டைப் அடித்துக் கொடுப்பார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். ராஜினாமாக் கடிதம் பார்த்துப் பார்த்து, ஒருத்தன் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற தோரணையிலேயே எத்தனை வருஷம் சர்வீஸ் என்று சொல்லிவிடுவார் என்று பேர்.

இங்கிலீஷா தமிழா என்று கேட்டார் ஜேம்ஸ். தமிழ்தான் என்றான் ஜானகிராமன். இங்கிலீஷில் இருந்தால் மாமா அதை உலகநாதனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். உலகநாதன் எழுதியிருப்பதையும் படிப்பான், எழுதாததையும் சேர்த்துப் படிப்பான். வேலையில் சேர்ந்தபோது ஆர்டர் ஏதாவது உண்டா, அதில் எவ்வளவு நாள் நோட்டீஸ் என்று போட்டிருக்கிறதா என்று ஜேம்ஸ் அடுத்துக் கேட்டார். ஆர்டர் ஏது? நாளையிலிருந்து வா என்று மாமா சொன்னதுதான் ஆர்டர். அப்படியானால் ஒரு மாதம் கொடுத்துவிடு, அதுதான் மரியாதை, கடைசி நாள் எது என்பதைத் தேதியோடு எழுதிவிடு என்றார். காரணம் என்று ஜானகிராமன் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினார்.

"வேற வேலை கெடச்சிருக்கு. அதுக்கு மேல ஒரு எழுத்து போட்டா, அந்த எழுத்துக்கு பதில் சொல்ல வேண்டி வரும் தம்பி."

எல்லாம் சரியாகவே போயிற்று, 'ஐயா' என்ற இடத்தில் வந்து முட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அந்த மனிதரை மாமா என்று கூப்பிட்ட வாய். ஐயா என்று எழுதினால் நெஞ்சு வெடித்துவிடுவார் என்றான் ஜானகிராமன். கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் மாமா கிடையாது என்று ஜேம்ஸ் 'ஐயா'வை ஓங்கி அடித்தார். டைப்ரைட்டர் மணி கிணுங்கியது.

கடிதம் இவ்வளவுதான்: *தங்கள் நிறுவனத்தில் 1981 முதல் பணிபுரிந்து வருகிறேன். வேறு பணி வாய்ப்பு கிடைத்திருப்பதால் விலக விரும்புகிறேன். இதை ஒரு மாத அறிவிப்பாகக் கொண்டு 30.6.1992 மாலை பணி முடிந்ததும் என்னை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் என் பொறுப்பிலுள்ள டைகளையும் செட்டிங் வேலையையும் தாங்கள் சொல்பவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் வழங்க வேண்டுகிறேன். இங்கே தொழில் கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி.*

இரண்டு பிரதி அடித்துக் கொடுத்த ஜேம்ஸ், கடிதத்தை வீட்டில் வைத்துக் கொடுக்காதே, கம்பெனியில் வேலை நேரத்தில் கொடு, பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கு, வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் போடு என்று சொல்லி அனுப்பினார்.

மறுக்கவெல்லாம் இல்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கஜபதி அதை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, இறக்கி, ஒருமுறை படித்தார். 'ஐயா'வில் கண் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு டெலிவரி சலானில் போடுகிற மாதிரியே பிரதியில் ஒரு கையெழுத்தைப் போட்டுத் தேதியும் எழுதினார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போய் நாலாம் நம்பரைப் பார் என்றார். இவ்வளவு லேசாக முடியும் என்று ஜானகிராமன் கனவிலும் நினைக்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சரியாக எட்டு மணிக்கு ஜானகிராமன் வேலைக்கு வந்து நின்றான். ஒரு மாத நோட்டீஸ் என்றால் அந்த ஒரு மாதமும் முன்னைவிட ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பது அவன் கணக்கு. அவனைப் பார்த்ததும் கஜபதியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மத்தியானம் வீட்டிலிருந்து ஜெகதாம்பாள் கொடுத்தனுப்பிய தூக்கில் பருப்பு வடை முப்பது இருந்தது. மாமா தன் கையாலேயே ஒன்றை எடுத்து மருமகனுக்குக் கொடுத்தார்.

அந்த வடைதான் இரண்டு பேரையும் ஏமாற்றியது. மாமா சந்தோஷமாக வழியனுப்பச் சம்மதித்துவிட்டார், அதற்குத்தான் வடை என்று மருமகன் நினைத்தான். போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவன் மறுநாளே வந்துவிட்டான், கோபம் தணிந்தது, வேட்டிச் செலவு மிச்சம், அதற்குத்தான் வடை என்று மாமா நினைத்தார். கம்பெனி வழக்கப்படி கோபக்காரன் வரமாட்டான், வந்தவனுக்குக் கோபமில்லை. இந்த இரண்டு ஞானிகளும் பதினைந்து நாள் ஒரே கூரையின் கீழ் புன்னகை செய்துகொண்டு வேலை பார்த்தார்கள்.

அந்தப் பதினைந்து நாளில் ஜானகிராமன் ஒரு காரியம் செய்தான். கம்பெனியில் இருந்த நூற்று நாற்பத்து மூன்று டைகளுக்கும் ஒரு தடித்த நோட்டுப் போட்டான். எந்த டை எந்த அலமாரியில், எந்த பிரஸ்ஸுக்கு, எத்தனை இடி இடித்த பின் சாணை பிடிக்க வேண்டும், எது எந்தப் பக்கம் சாயும் என்று எல்லாம் எழுதினான். அதுவரை அத்தனையும் அவன் மண்டைக்குள் மட்டுமே இருந்தது. சம்பத் என்கிற ஆபரேட்டரை மாமாவிடம் கேட்டுத் தன் கூடவே வைத்துக்கொண்டு செட்டிங்கும் பழக்கினான். மருமகனுக்கு வேலையில் புது உற்சாகம் வந்திருக்கிறது என்று கஜபதி எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பதினாறாம் தேதி காலை ஜானகிராமன் கண்ணாடித் தடுப்புக்குள் போய், விடுவிப்புக் கடிதத்தை இந்த வாரமே அடித்துவிடலாமா என்று கேட்டான். கஜபதி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா கடிதம்?"

"நான் ஒண்ணாந்தேதி குடுத்தேனே மாமா. நீங்க கையெழுத்து போட்டீங்களே."

"அதான் மறுநாளே வந்துட்டியே. பதினஞ்சு நாளா எட்டு மணிக்கு டான்னு வந்துகினு கீற. ராஜினாமா பண்ணவன் எதுக்குடா வரான்?"

"நோட்டீஸ் மாமா. போற வரைக்கும் வந்து வேலை செய்யணும்."

"என் கம்பெனில போறவன் வரமாட்டான். வரவன் போமாட்டான்."

சொல்லிவிட்டு அன்றைக்கு மூன்று தடவை தும்மினார். மூன்று ஷெட் தள்ளி ஒரு லேத் மதியம் வரை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தட்டு வந்தது. முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு நடு வாசலைக் குறுக்கே தாண்டினால் பன்னிரண்டு அடிதான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. பார்வதம், கோவிந்தன், உலகநாதன், ஜெகதாம்பாள் நாலு பேரும் தட்டோடு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, பிள்ளையார் கோவிலைச் சுற்றிக்கொண்டு, சந்து வழியாக வந்து பின்கட்டுக் கதவைத் தட்டினார்கள். கஜபதி வரவில்லை. அவர் நடு வாசலில் ஈஸி சேரைப் போட்டு, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்.

பத்மா காபி கொடுத்தாள். பார்வதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கஜபதியின் பையிலிருந்து எடுத்து வந்த கடிதத்தைப் பிரித்தாள். எண்பது உறவு வீட்டுச் சண்டைகளைத் தீர்த்து வைத்தவள். கடிதத்தை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தாள். புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பார்த்தாள். பிறகு கோவிந்தனிடம் கொடுத்து, எங்கேயாவது கோபம் எழுதியிருக்கிறதா பார் என்றாள்.

ஏழு வேட்டி அனுபவமுள்ள கோவிந்தன் விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் 'நன்றி' என்பதில் விரலை நிறுத்தி, இதில் ஏதோ குத்தல் இருக்கிறது என்றார். இல்லை, அது நிஜமான நன்றிதான் என்றான் ஜானகிராமன். பார்வதத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது. குறை என்று ஒன்று இருந்தால் தீர்க்கலாம். குறையே இல்லாதவனிடம் எதைத் தீர்ப்பது? தட்டில் இருக்கிற வேட்டியை எதற்கென்று கொடுப்பது? அவளே ஒரு குறையை எடுத்துக் கொடுத்தாள்.

"ஜானகி, அந்த ஊட்டு விசேஷத்துல உன்னைப் பந்திலேந்து எழுப்பி அனுப்பிச்சானே என் தம்பி. அதான? வாயைத் தொறந்து சொல்லு. இப்பவே கூப்ட்டு கேக்கறேன்."

வாசலில் பேப்பர் சரசரப்பு நின்றது. உலகநாதன் தரையைப் பார்த்தான். ஜானகிராமனுக்கு ஒன்பது பக்கமும் தொண்டைக்கு வந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மாமா இந்த வாசலுக்கு வந்து வருத்தம் சொல்வார். அவன் பத்மாவைப் பார்த்தான். அவள் காபி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. இந்த ஒரு பதிலை அவன்தான் சொல்ல வேண்டும்.

"அது எனக்கு வருத்தம்தான் பெரிம்மா. இல்லன்னு சொல்லல. ஆனா அது மாமனுக்கும் எனக்கும் உள்ளது. அதுக்காக நான் வேலையை விடல. அது சரியாப் போனாலும் போவேன், போவாட்டியும் போவேன். டை செய்யக் கத்துக்கப் போறேன். கம்பெனி விஷயமா எது கேக்கணும்னாலும் நாளைக்கு எட்டு மணிக்கு அங்க கேக்கச் சொல்லுங்க, பதில் சொல்றேன்."

பார்வதம் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு வேட்டியை எடுத்துக் கோவிந்தன் மடியில் போட்டு, வந்ததற்கு நீயே கட்டிக்கொள் என்றாள். கோவிந்தனுக்கு எட்டாவது வேட்டி. அவர் கோபித்துக்கொள்ளாமலே கிடைத்தது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கஜபதி கம்பெனி வாசலிலேயே நின்றிருந்தார். கம்பெனி விஷயமாகக் கேட்கிறேன், பதில் சொல் என்றார். நீ போனால் நாற்பத்திரண்டாம் நம்பர் டையை யார் மாட்டுவது? அந்த டை ஒரு ராட்சசி. ஜானகிராமன் கை பட்டால் பூப்போல வெட்டும், வேறு யார் தொட்டாலும் தகட்டைக் கடித்துத் துப்பும். ஜானகிராமன் சம்பத்தைக் கூப்பிட்டான், நோட்டைக் கையில் கொடுத்தான், தான் பத்தடி தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சம்பத் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டான். நோட்டைப் பார்ப்பதும் ஷிம் என்கிற மெல்லிய தகட்டை அடியில் வைப்பதும் போல்ட்டு முறுக்குவதுமாக அவன் வியர்த்தபோது, ஷெட்டில் ஒரு பிரஸ்ஸும் ஓடவில்லை. கஜபதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் காது உண்டு, அந்தக் காதுதான் மருமகனுக்கு வந்தது. சம்பத் பெடலை மிதித்தான். ஒரு இடி. இன்னொன்று. கஜபதி திரும்பி, விழுந்த கிளாம்பை எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை, பிசிறு இல்லை. கிளாம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இருபத்தொன்பதாம் தேதி ஜானகிராமனைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். லெட்டர் ஹெட்டில் அவர் கையாலேயே எழுதிய விடுவிப்புக் கடிதம். *இதைக் கொண்டு வருகிற ஜானகிராமன் என் கடைசித் தங்கையின் மகன். திருவேற்காடு திருவிழாவில் இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் நான். எனக்கு இஷ்டமில்லாமல்தான் அனுப்புகிறேன். மதியம் தயிர்ச்சாதம் இவனுக்கு ஒத்துக்கொள்ளாது. சத்தம் போட்டுப் பேசினால் முகம் சுருங்கிவிடுவான், நிதானமாகச் சொல்லி வேலை வாங்கவும்.* கீழே கையெழுத்து, கம்பெனி முத்திரை.

ஜானகிராமன் படித்தான். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பார்த்தான். மறுபடி படித்தான்.

இதில் தப்பு என்ன என்று கேட்டார் கஜபதி. தப்பு ஒன்றுமில்லை, ஆனால் இது மாமா எழுதியது, பாடியில் கம்பெனி எழுதியதைத்தான் கேட்பார்கள் என்று சொன்னான் ஜானகிராமன். எந்தத் தேதியில் சேர்ந்தேன், என்ன வேலை பார்த்தேன், எந்தத் தேதியில் விடுவித்தீர்கள், ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்தேனா, அதுதான் வேண்டும். கஜபதி அதை மேஜையில் வைத்துக் கையால் நீவினார். யார் உனக்கு அந்தக் கடிதத்தை அடித்துக் கொடுத்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

மாடிப்படிக்குக் கீழே அன்றைக்கு ஒரு யுத்தமே நடந்ததாகக் கேள்வி. தோளில் தூக்கியதை எடுக்கச் சொன்னார் ஜேம்ஸ். இவர் முடியாது என்றார். தயிர்ச்சாதத்துக்காக ஒரு மணி நேரம் வாதாடியதாகவும், ஓ.டி.யில் நின்ற நாலு பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து வேடிக்கை பார்த்ததாகவும் சொல்வார்கள். முடிவில் எல்லாம் போயிற்று. ஒரே ஒரு வரியை மட்டும் கஜபதி விட்டுக்கொடுக்கவில்லை. ஜேம்ஸ் அதை இரண்டு தரம் படித்து, இது வேலையைப் பற்றியதுதான், இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. நூற்று நாற்பத்து மூன்று டைகளையும் நோட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து சம்பத்தும் உலகநாதனும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கஜபதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து உறையை நீட்டினார். ஜானகிராமன் நின்றபடி வாங்கிப் பிரித்தான். சேர்ந்த தேதி, பார்த்த வேலை, விடுவித்த தேதி, ஒப்படைத்த விவரம் எல்லாம் இருந்தன. அவற்றுக்குக் கீழே தனியாக ஒரு வரி: *இவர் செட் செய்த டையில் பதினோரு வருடங்களில் ஒரு நாளும் பிசிறு வந்ததில்லை.*

"நன்றிங்க ஐயா" என்றான் ஜானகிராமன். அந்த வார்த்தை இந்தத் தடவை முட்டவில்லை.

கஜபதி தலையசைத்தார். பிறகு எழுந்து, மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடித் தடுப்பைப் பூட்டி, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவில் வந்து நின்றார். ஜானகிராமன் சைக்கிளை எடுக்கப் போனான். அது இங்கேயே கிடக்கட்டும், சம்பத் கொண்டுவந்து போடுவான், ஏறு என்றார். ஏறினான். எஸ்டேட் சாலையில் நூறடி போனதும் கஜபதி தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"இப்ப சொல்றா மாப்ளே. நான் உன்னைப் பந்திலேந்து எழுப்புனது இன்னா மாதிரி இருந்திச்சு?"

ஜானகிராமன் சொல்ல ஆரம்பித்தான். ஒன்பது பக்கமும் அப்படியே மனப்பாடமாக இருந்தது. பாயசம் வருவதற்குள் வீட்டுக்குப் போகிற அத்திப்பட்டுத் திருப்பம் வந்துவிட்டது. கஜபதி வண்டியைத் திருப்பவில்லை. நேராக ஆவடிப் பக்கம் விட்டார். மேலே சொல் என்றார்.